ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு

ஏர் ஃபிரையர் வாங்கியதும் பல வீடுகளில் முதலில் செய்து பார்ப்பது பிரெஞ்ச் ஃபிரைஸ்தான். கடையில் வாங்கிய உறைந்த பாக்கெட்டைக் கொட்டினால் நன்றாகவே வருகிறது. வீட்டில் நறுக்கிப் போட்டால் மட்டும் முனை கருகி, நடுவில் தொளதொளவென்று நிற்கிறது. மெஷினில் கோளாறு இல்லை. பாக்கெட்டில் வரும் கிழங்கைத் தொழிற்சாலையிலேயே வெந்நீரில் அரைவேக்காடு வைத்து, ஈரம் உலர்த்தி, எண்ணெயில் ஒரு முறை பொரித்தும் விடுகிறார்கள். பச்சைக் கிழங்குக்கு இதெல்லாம் நடக்கவில்லை. அந்தக் குறையை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

அரைக் கிலோ கிழங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று பேருக்குப் போதும். தோல் மெல்லிய புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம். நன்றாக முற்றிய கிழங்குதான் வேண்டும். ஃபிரிட்ஜில் பல நாள் இருந்த கிழங்கும் ஆகாது. குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறிவிடுவதால், உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துப்போகும். தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒரே அளவாக நறுக்குங்கள். மெல்லியதும் தடித்ததுமாகக் கலந்திருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வெந்திருக்காது.

நறுக்கியதைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் பால் போலக் கலங்கும். அதைக் கொட்டினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தெரியும். கத்தி பட்ட இடங்களில் கசிந்த மாவுச்சத்து அது. அப்படியே விட்டால் சூட்டில் பசையாகித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று முறை மாற்றி அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், மாவு கரைந்து போவதற்குப் பதிலாக மேலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து உலர்த்துவது. பெரும்பாலானோர் அவசரப்படுவது இங்கேதான். கொதிக்கும் எண்ணெயில் போட்ட கிழங்கின் ஈரம் நொடியில் குமிழியாகக் கிளம்பிவிடும். காற்று அந்த வேகத்தில் சூட்டைக் கடத்தாது. மேலே ஈரம் இருக்கும் வரை கிழங்கின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது; பொன்னிறமாகச் சிவக்க அதற்கும் மேலே நன்றாகச் சூடேற வேண்டும். அதாவது, முதல் பத்து நிமிடத்தை மெஷின் தண்ணீரை விரட்டவே செலவழிக்கும், கிழங்கும் ஆவியில் வெந்துபோகும். ஆகவே வடிகட்டியதும் பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றியெடுங்கள். பிறகு ஃபேன் காற்றில் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு துண்டின் மீது டிஷ்யூ காகிதத்தை அழுத்திப் பாருங்கள். ஈரத்தடம் விழாவிட்டால், மேற்பரப்பின் பளபளப்பும் மங்கியிருந்தால், தயார்.

இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போதும். அகலமான பாத்திரத்தில் கிழங்கைப் போட்டு, பம்ப் வைத்த ஸ்ப்ரே பாட்டிலால் தெளித்துக் கையால் புரட்டினால் எல்லாப் பக்கமும் மெல்லிய படலமாகப் பரவும். எண்ணெயே இல்லாமல் செய்தால் கிழங்கு காய்ந்து தோல் போல ஆகிவிடும். அடைத்து விற்கும் குக்கிங் ஸ்ப்ரே டப்பாக்களில் எண்ணெயோடு வேறு பொருள்களும் இருக்கும். அவை கூடையின் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படியும் என்பதால் தவிர்ப்பது நல்லது. உப்பு இப்போது வேண்டாம். உப்பு பட்டால் கிழங்கு மறுபடி நீர் விடும்.

கூடையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். முதலில் 160 டிகிரியில் 12 நிமிடம் வையுங்கள், உள்ளே வேகட்டும். ஏழாவது நிமிடத்தில் ஒரு முறை மெதுவாகக் குலுக்குங்கள், அப்போது கிழங்கு இளகியிருப்பதால் வேகமாக ஆட்டினால் ஒடியும். பிறகு 200 டிகிரிக்கு ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் நன்றாகக் குலுக்கியபடி எட்டு நிமிடம். சூடான காற்று படாமல் அடியில் மாட்டிக்கொண்ட துண்டுகள் இப்படித்தான் மேலே வரும். மெஷினுக்கு மெஷின் சூடு மாறும், நிமிடக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். குலுக்கும்போது காதையும் கொடுங்கள். தொடக்கத்தில் தொப்தொப்பென்று விழும் கிழங்கு, பதம் வந்ததும் சலசலவென்று உரசும்.

தட்டில் கொட்டிய உடனே உப்பும் மிளகாய்த்தூளும் தூவலாம். மூடி மட்டும் போடாதீர்கள், உள்ளிருந்து வரும் ஆவியிலேயே கிழங்கு நமுத்துவிடும். எண்ணெயில் பொரித்தது போல இது அதிக நேரம் மொறுமொறுப்பாக நிற்காது; சாப்பிடுபவர்கள் உட்கார்ந்த பிறகு கூடையை வெளியே எடுப்பதே சரி. ஆறிப்போனால் 200 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும்.