பழுப்புப் பையின் பூர்வோத்தரம்

மதகடிப்பட்டுச் சந்தை என்றால் செவ்வாய்க்கிழமை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் அன்றைக்கு மாடும் மனிதரும் வண்டியுமாக நிற்க இடம் இராது. அந்த நெரிசலில் ஒரு பலகாரக் கடையில் நான்கு பஜ்ஜி வாங்கினேன். கடைக்கார அம்மாள் அவற்றைப் போட்டுக் கொடுத்த பையைப் பார்த்து அசந்து போனேன். மண் நிறம், ஊடே நார் நாராக இழை, நடுவில் பச்சை மையில் இலையும் மூன்று அம்புகளும்!

"அழகாக இருக்கிறதே, அக்கா!" என்றேன்.

"பிளாஸ்டிக் கூடாதுன்னுட்டாங்களே, அம்மா. இது இயற்கைப் பையாம். விலைதான் கொஞ்சம் கூட" என்றாள் அவள்.

இயற்கைப் பைதானா? வீட்டுக்கு வந்ததும் சோதித்துப் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம், கத்தரிக்கோல்கூட வேண்டாம்.

முதலில் இதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கிராஃப்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் பலம். 1879-ல் கார்ல் டால் என்பவர் கண்ட முறை அது. மரச் சீவலைக் காஸ்டிக் சோடாவோடு சோடியம் சல்பைடும் சேர்த்து, அழுத்தத்தில், சுமார் 170 டிகிரி சூட்டில் வேக வைப்பார்கள். இழைகளை ஒட்டிக் கொண்டிருக்கும் லிக்னின் என்ற பசை பெரும்பாலும் கரைந்துவிடும். இழைகள் அறுபடாமல் நீளமாகவே நிற்கும். மிஞ்சிய கொஞ்சம் லிக்னின்தான் பழுப்பு நிறம் தருகிறது. வெளுத்தால் வெள்ளைக் காகிதம். வெளுக்காமல் விட்டால் இந்தப் பழுப்பு.

பழைய அட்டைப் பெட்டிகளையும் கழிவுக் காகிதத்தையும் ஊற வைத்து அரைத்தும் பழுப்புக் காகிதம் செய்கிறார்கள். ஒவ்வொரு முறை அரைபடும்போதும் இழை குட்டையாகிறது. அதனால் பலம் குறையும். வெள்ளைக் கழிவு அதிகம் கலந்தால் நிறம் வெளிறிப் போகும். அப்போது பழுப்புச் சாயம் சேர்ப்பதும் உண்டு. பழைய அச்செழுத்துகளின் மிச்சம் நீலமும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். நாம் 'இழை' என்று ரசிப்பதில் பாதி அதுதான்!

இப்போது சோதனை. பையின் ஓரத்தை மெள்ளக் கிழியுங்கள். கிழிசலில் நீண்ட இழைகள் பஞ்சாகப் பிசிறி நின்றால் புது மரக் கூழ் அதிகம். சட்டென்று கிழிந்து ஓரம் மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் மறுசுழற்சி. உள்ளே வெள்ளையாக இருந்தாலோ, கதையே வேறு: வெள்ளைக் காகிதத்தின் மேல் நாரையும் மண் நிறத்தையும் அச்சடித்திருக்கிறார்கள்!

அடுத்தது, ஒரு துண்டை ஒரு மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் தேநீராக மாறினால் சாயத்தின் மீது சந்தேகப்படலாம். காகிதம் கூழாகி, கண்ணாடி போன்ற மெல்லிய ஏடு ஒன்று தனியே கையோடு வந்தால், அது பிளாஸ்டிக் பூச்சு. அப்படிப்பட்ட பையைச் சாதாரணக் காகிதத்தோடு சேர்த்து அரைப்பது கஷ்டம்.

என் பை என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஓரம் மொட்டை, பொட்டுகள் ஏராளம், தண்ணீர் லேசாகப் பழுப்பு. ஏடு வரவில்லை. ஆக, அசல் மறுசுழற்சிக் காகிதம். மோசடி ஒன்றுமில்லை. ஆனால் பஜ்ஜிக்கு அது பொருத்தமில்லை.

காரணம், பழைய அச்சு மையில் இருந்த கனிம எண்ணெய் கூழில் முழுவதும் நீங்குவதில்லை. மறுசுழற்சி அட்டையிலிருந்து அது அரிசி, மாவு போன்ற உலர்ந்த பண்டங்களுக்கே மெள்ளப் போய்ச் சேருவதைச் சுமார் 2010-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகர ரசாயன நிபுணர்கள் எடுத்துக் காட்டினார்கள். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? நம் நாட்டிலும் 2018-ஆம் வருஷத்து உணவுப் பொட்டல விதிகள் செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்கின்றன. அச்சடித்த பக்கம் உணவின் மேல் படவும் கூடாது.

அந்த மூன்று அம்பு முத்திரை? 1970-ல் அமெரிக்காவில் ஒரு போட்டிக்காகக் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் வரைந்தது. பையைத் திரும்ப அரைக்கலாம் என்றோ, அரைத்துச் செய்தது என்றோதான் அதற்குப் பொருள். தின்பண்டத்துக்கு உகந்தது என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று யோசித்தாள். பிறகு வாழையிலைத் துண்டு ஒன்றைப் பைக்குள் விரித்து, அதன்மேல் பஜ்ஜியை வைத்தாள்.

"இப்போ சரிதானே, அம்மா?"

சரிதான். பை அழகுக்கு, இலை வாய்க்கு!