கடைக்கு 13 நாள் விடுமுறை

மதுரையில் எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பத்தடி அகலம், இருபதடி நீளம். அண்ணாச்சி அதை இருபது வருடங்களுக்கு மேலாக நடத்துகிறார். தரையில் போட்டிருந்த பழைய சிமெண்ட் பூச்சு குழிவிழுந்து, அரிசிச் சிப்பங்கள் சாய்ந்து நிற்க ஆரம்பித்துவிட்டன. 2025 ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கடையை ஒரு வாரம் மூடப் போறேன். போர்டு ஒண்ணு எழுதணும், வார்த்தை நல்லா இருக்கணும்" என்றார்.

எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன். அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, இத்தனை வருடங்களாகத் தாங்கள் அளித்துவரும் மேலான ஆதரவுக்கு நன்றி, கடையைப் புதுப்பிக்கும் பணி நடைபெறுவதால் சில நாட்களுக்குக் கடை விடுமுறை, விரைவில் புதுப்பொலிவுடன் சந்திப்போம். அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார். பிறகு "சில நாட்கள்" என்ற இடத்தில் விரலை வைத்தார். "மாரியம்மா இதைப் படிச்சா என்ன செய்யும்? அதுக்குத் தினம் பத்து ரூபா எண்ணெய் வேணுமே" என்று கேட்டார்.

போர்டு எழுதுவது வார்த்தை அலங்காரம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம் ஒரு தடவை ஆட்டோவில் சாமான் ஏற்றிப் போகிறவருக்குக் கடை பத்து நாள் மூடினால் ஒன்றும் ஆகாது. தினம் கூலி வாங்கித் தினம் சமைக்கிற வீட்டுக்கு முதலில் தெரிய வேண்டியது திறக்கிற தேதி. "விரைவில்" என்ற சொல்லை வைத்து அவர்கள் எந்தத் திட்டமும் போட முடியாது.

ஆக, தேதி வேண்டும். கொத்தனாரைக் கேட்டால் ஆறு நாளில் முடித்துவிடலாம் என்றார். அண்ணாச்சி அவரைக் கடைக்குள்ளேயே உட்கார வைத்து நாள் நாளாகக் கணக்குப் போட்டார். பழைய தரையை உடைத்து, இடித்த கல்லையும் மண்ணையும் வெளியேற்ற இரண்டு நாள். இருநூறு சதுர அடிக்குச் சிமெண்ட் கலவை விரித்து டைல்ஸ் பதிக்க இரண்டு நாள். பதித்த டைல்ஸ் மேல் குறைந்தது ஒரு நாள் யாரும் கால் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் இடைவெளிகளில் வெள்ளைச் சிமெண்ட் தள்ளி அடைக்க முடியும். சுவரில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் பெயிண்ட் முடிக்க மூன்று நாள். இதுவே ஆறைத் தாண்டிவிட்டது.

"பாரம் எப்போ வைக்கலாம்?" என்பதுதான் அவர் கேட்ட முக்கியமான கேள்வி. ஆள் நடக்க ஒரு நாள் போதும், இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. ஆனால் மளிகைக் கடையில் ஒரு மூலையில் பத்து அரிசிச் சிப்பம் அடுக்கினால் 250 கிலோ. அடியில் இருக்கும் கலவை நன்றாக இறுகாமல் அந்த எடை ஏறினால், டைல்ஸ் கலவையை விட்டுப் பிரியும், அல்லது ஓரத்தில் விரியும். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே இறுகுகிறது. அதற்கு முதல் ஒரு வாரம் முக்கியம். அதனால் கடைசி டைல்ஸ் பதித்த நாளிலிருந்து ஏழு நாள் கழித்தே மூட்டை என்று முடிவானது. சுவர் வேலையை அந்த ஏழு நாளுக்குள்ளேயே, தரையில் பலகை போட்டு நின்று முடித்துக்கொள்ளலாம்.

இனி எந்த நாளில் மூடுவது? தேதி ஒன்றிலிருந்து பத்து வரை மாதச் சாமான் வாங்கும் கூட்டம், அப்போது மூட முடியாது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க அவருக்கு மனமில்லை, பால் காய்ச்சுவது ஆவணி பிறந்த பிறகுதான். ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. அரிசி மாவும் வெல்லமும் கடலையும் அள்ளிப் போகும் நாள், அதை விடவும் முடியாது. எனவே ஆகஸ்ட் 11 திங்கட்கிழமை மூடி, 13, 14 தேதிகளில் டைல்ஸ் பதித்து, 21 சாயங்காலம் மூட்டை ஏற்றினால், 22 திறக்கலாம். அண்ணாச்சி அதற்கு மேல் இரண்டு நாள் சேர்த்து 24 ஞாயிற்றுக்கிழமை என்று எழுதச் சொன்னார். "சொன்ன நாள்ல திறக்கலேன்னா முதல்ல எழுதின நன்றியும் பொய்யாப் போயிரும்" என்றார்.

அடுத்தது பற்று நோட்டு. கடன் வைத்திருப்பவர்கள் மூடுவதற்குள் பாக்கியைக் கட்டவும் என்று ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். அதை அவர் ஒரேயடியாக மறுத்தார். அந்த வரியைத் தெருவே படிக்கும், நாலு பேர் முன்னால் யார் வீட்டுப் பாக்கி என்று பேச்சு வரும். அதற்குப் பதிலாக, ஆகஸ்ட் முதல் வாரம் சாமான் வாங்க வந்தவர்களிடமே அவரவர் நோட்டைக் காட்டி, அன்றைய கூட்டுத்தொகையைப் படித்துச் சொல்லி, அதன் கீழே இருவரும் ஒரு கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வந்து "நான் அந்த எண்ணெய் வாங்கலையே" என்று யாரும் யாரோடும் மனஸ்தாபப்பட வேண்டியதில்லை. பணம் எப்போது முடியுமோ அப்போது தந்தால் போதும்.

தீபாவளிச் சீட்டை மட்டும் போர்டில் எழுதச் சொன்னார். எங்கள் தெருவில் முப்பது பேருக்கு மேல் மாதாமாதம் அவரிடம் பணம் கட்டி, பண்டிகைக்கு எண்ணெயும் பருப்பும் வெல்லமுமாக வாங்கிக்கொள்வார்கள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு இரண்டு மாதம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டர் இறங்கினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடிப்போன கதையைக் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை. கடை மூடியிருக்கும் போர்டில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால், மற்ற எல்லா வரிகளையும் பயந்துகொண்டே படிப்பார்கள்.

மூன்றாவது தடவை எழுதியதுதான் கடைசியில் தொங்கியது:

"வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தரை, சுவர் வேலைக்காகக் கடை ஆகஸ்ட் 11 முதல் 23 வரை இருக்காது. ஆகஸ்ட் 24 ஞாயிறு காலை 6 மணிக்குத் திறக்கிறோம். பால் பாக்கெட் வழக்கம்போல் காலை 5.30க்கு எங்கள் வீட்டு வாசலில் கிடைக்கும். தீபாவளிச் சீட்டு ஆகஸ்ட் தவணையை செப்டம்பரோடு சேர்த்துக் கட்டலாம். உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. அவசரச் சாமானுக்குப் பின்தெருக் கடையில் எங்கள் பெயர் சொல்லி வாங்கலாம். மழையிலும் வெயிலிலும் எங்களைத் தேடி வந்ததற்கு நன்றி."

கீழே அவருடைய போன் நம்பர். ஆகஸ்ட் 1ஆம் தேதியே கல்லாவுக்கு மேலே ஒன்று மாட்டியாயிற்று, மாதச் சாமானுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் படிக்கட்டும் என்று. இன்னொன்றை லேமினேட் செய்து, மூடிய அன்று ஷட்டரில் ஒட்டினார். அதையும் கண் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டியிருந்தது. கீழே ஒட்டினால் வாசலில் குவிகிற இடிசல் மறைத்துவிடும்.

போர்டில் அந்தப் பின்தெருக் கடை வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் அது சும்மா எழுதியதில்லை. அண்ணாச்சி அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய், பதினொரு வீடுகளின் பெயரைச் சொல்லி, "இவங்க வந்தா குடுங்க, என் கணக்குல எழுதிக்கோங்க" என்று கேட்டிருந்தார். கையில் காசு இல்லாத நாளில் முன்பின் தெரியாத கடையில் யாரும் கடன் தரமாட்டார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் பக்கத்தில் இருந்தும் அந்தப் பதினொரு வீடும் இவரை விடாததற்குக் காரணமே அந்தப் பற்று. கடை மூடுகிற நாளில் அதையும் சேர்த்து மூடிவிட்டால், நன்றி என்று எழுதுவதற்கு அர்த்தமே இல்லை.

ஆகஸ்ட் 5 முதல் புதுச் சரக்கைக் குறைத்துக்கொண்டார். மீதி இருந்ததை வீட்டு முன்னறையில் அடுக்கினார்கள். அரிசி, மைதா, டீத்தூள் எல்லாம் பெயிண்ட் வாடையை வாங்கிக்கொள்ளும், ஒரு தடவை ஏறிவிட்டால் போகாது. இதற்காகவே ரேக்குகளுக்கு எனாமல் அடிக்கும் யோசனையை விட்டுவிட்டார், சுவருக்கு மட்டும் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன்.

சேர்த்து வைத்த இரண்டு நாள் உண்மையிலேயே தேவைப்பட்டது. 16ஆம் தேதி அண்ணாச்சி ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்தார். அடியில் கலவை முழுதாகப் பரவியிருந்தால் சத்தம் கெட்டியாகக் கேட்கும். ஏதாவது இடைவெளி இருந்தால் காலிப் பானையைத் தட்டுவதுபோல் வெறுமையாகக் கேட்கும். சிப்பம் அடுக்கும் மூலையில் மூன்று டைல்ஸ் அப்படிக் கேட்டது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் மூட்டை வைத்த முதல் மாதத்திலேயே விரிந்திருக்கும். கொத்தனார் முதலில் முகம் சுளித்தார், பிறகு தானே தட்டிக் கேட்டுவிட்டு, மூன்றையும் பெயர்த்து அன்றைக்கே மறுபடி பதித்தார். அந்த மூலைக்கு மட்டும் ஏழு நாள் கணக்கு 16இலிருந்து மறுபடி தொடங்கி 23இல் முடிந்தது. முதலில் போட்ட கணக்குப்படி 22 என்று எழுதியிருந்தால், அன்று அந்த மூலையைக் காலியாக விட்டுத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் போர்டைக் கிழித்து வேறு தேதி எழுதியிருக்க வேண்டும்.

23 சாயங்காலம் சரக்கு ஏறியது. பருப்பு வகை இடப்பக்கம், எண்ணெய் வலப்பக்கம், சோப்பு நடுவில் என்று பழையபடியே அடுக்கச் சொன்னார். வயதானவர்கள் உட்காரும் மரப் பெஞ்சும் அதே இடத்தில். எலக்ட்ரானிக் தராசைப் புதுத் தரையில் வைத்து, நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை கால்களைத் திருகி, ஒரு கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தார்.

24 காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சும்போது ஆறேழு பேர் வாசலில் நின்றிருந்தோம். ஏழு மணி வாக்கில் மாரியம்மா வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்தெருக் கடையில் வாங்கிய பதிமூன்று நாள் கணக்கு, யாரிடமோ எழுதி வாங்கியது. அண்ணாச்சி நோட்டைப் பிரித்து, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்த இடத்துக்குக் கீழே அந்தத் தொகையை எழுதிக்கொண்டார். பிறகு எண்ணெய்ப் பக்கம் திரும்பி, "பத்து ரூபாய்க்குத்தானே?" என்று கேட்டார்.