ஹவுஸ் சர்ஜனின் லாக்புக்கில் ஒரு வரி

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேறியவர் முழுப் பதிவு பெற்ற டாக்டர் ஆவதற்கு முன் 12 மாதம் பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் ஹவுஸ் சர்ஜன் என்றும் சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் சொல்லப்படுபவர் இவர்தான். இந்த ஓராண்டில் செய்த வேலைகளை அவர் ஒரு லாக்புக்கில் எழுதி, யாருக்குக் கீழே வேலை பார்க்கிறாரோ அவரிடம் சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வார்டில் நமக்கு ஊசி குத்துபவரும் தையல் போடுபவரும் மூத்திரத்துக்கு டியூப் விடுபவரும் பெரும்பாலும் இவரே என்பதால், அந்த நோட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது நம்மையும் தொடும் விஷயம்.

பல இடங்களில் அது நான்கு கட்டங்களோடு முடிந்துவிடுகிறது: தேதி, ஐ.பி. நம்பர், செய்த வேலை, கையெழுத்து. “மூத்திர டியூப் போட்டேன் – 5” என்று ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு, ஆறாவது நோயாளியிடம் இவரைத் தனியாக அனுப்பலாமா என்று முடிவு செய்ய முடியுமா? முடியாது. அந்த ஐந்து பேரும் பெண்களாக இருந்திருக்கலாம். பெண்ணின் மூத்திரத் தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு 20 சென்டிமீட்டர் வரை வளைந்து, புராஸ்டேட் சுரப்பிக்கு நடுவே போகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், செய்வது வேறு. எனவே நல்ல லாக்புக்கில் ஆணா பெண்ணா, வயது, எதற்காகச் செய்தது என்பதற்கு முதலில் இடம் வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டாம். பிறகு கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐ.பி. நம்பரே போதும்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய ஒருவர், காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது என்று அவசரப் பிரிவுக்கு வருகிறார். அறுவை சிகிச்சை யூனிட்டின் பி.ஜி. மாணவி பக்கத்தில் நிற்க, ஹவுஸ் சர்ஜன் 16 நம்பர் ஃபோலி டியூபை எடுக்கிறார். சுத்தம் செய்து, மரத்துப்போகச் செய்யும் ஜெல்லியைத் தாரைக்குள் செலுத்திய கையோடு டியூபை விடப் போகிறார். “மூணு நாலு நிமிஷம் விடுப்பா, மருந்து வேலை செய்யட்டும்” என்கிறார் பி.ஜி. காத்திருந்து டியூபை விடுகிறார். பாதிக்கு மேல் போனதும் தடுக்கிறது. “தடுக்குது மேடம்.” “தள்ளாதே. அவரை மூச்சை இழுத்து விடச் சொல்லு, மெதுவா போகும்.” போகிறது. மூத்திரம் எட்டிப் பார்த்ததும் பலூனுக்குத் தண்ணீர் ஏற்ற சிரிஞ்சை எடுக்கிறார். பி.ஜி. கையைப் பிடித்து நிறுத்தி, டியூபை அதன் கவை வரை முழுக்க உள்ளே தள்ளச் சொல்லிவிட்டு 10 மி.லி. ஏற்றவிடுகிறார். மூத்திரம் 800 மி.லி. வடிகிறது. நோயாளிக்கு உயிர் வந்த மாதிரி ஆகிறது.

“போட்டாச்சு” என்ற அளவில் இது வெற்றி. ஆனால் பி.ஜி. இரண்டு இடத்தில் தடுத்திருக்கிறார். அதில் இரண்டாவது, ஆபத்தைத் தடுத்தது. மூத்திரம் தெரிந்ததுமே பலூனை ஊதினால், அது பைக்குள் இல்லாமல் தாரைக்குள்ளேயே விரியக்கூடும். தாரை கிழிந்து ரத்தம் வரும், பின்னாளில் அந்த இடம் சுருங்கி அடைத்துக்கொள்ளவும் செய்யும். இந்த இரண்டு தடுப்புகளும் எழுத்தில் ஏறாவிட்டால், அடுத்த வாரம் வேறு யூனிட்டில் வேறு சீனியர் “ஏற்கெனவே போட்டிருக்கியே, போய்ப் போடு” என்று சொல்லிவிடுவார்.

இங்கேதான் திறன் நிலை என்ற கட்டம் வருகிறது. பார்த்தது, கூட நின்று உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நான்கு படிகளாகப் பிரிப்பது வழக்கம். என் கணிப்பில் இதன் பலவீனம் மூன்றாவது படியில் இருக்கிறது. மேற்பார்வை என்றால் சீனியர் கட்டிலருகே கையுறையோடு நின்றாரா, பக்கத்து அறையில் கூப்பிடு தூரத்தில் இருந்தாரா? இரண்டும் ஒன்றல்ல. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த மருத்துவக் கல்வியாளர் ஒலே டென் காட்டே, ஒரு வேலையை எவ்வளவு நம்பி ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்பதையே அளவுகோலாக வைக்கலாம் என்று 2005-இல் முன்வைத்தார். அந்த முறையில் அருகிலிருக்கும் மேற்பார்வையும் கூப்பிட்டால் வரும் மேற்பார்வையும் தனித்தனிப் படிகள். நம் நோட்டிலும் அந்த ஒரு கோட்டைக் கூடுதலாகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மேலே சொன்ன கேஸுக்கு, டியூப் சரியாக விழுந்திருந்தாலும், “சீனியர் அருகில் இருக்க வேண்டும்” என்பதே சரியான நிலை.

அடுத்தது பின்னூட்டம். மாணவர் பருவ லாக்புக்குக்கு மருத்துவக் கவுன்சில் வகுத்த மாதிரியை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதில் முயற்சி முதல் தடவையா, மறுபடியா, திருத்தப் பயிற்சியா என்று ஒரு கட்டம். செய்த தரம் எதிர்பார்ப்புக்குக் கீழா, அளவுக்குச் சரியா, மேலா என்று ஒன்று. முடிந்தது, மறுபடி செய்ய வேண்டும், திருத்தப் பயிற்சி வேண்டும் என்ற ஆசிரியரின் முடிவுக்கு ஒன்று. கடைசியில் ஆசிரியர் கையெழுத்தோடு, பின்னூட்டம் கிடைத்ததற்குக் கற்பவரின் சுருக்கொப்பமும் உண்டு. இந்தக் கடைசிக் கட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆசிரியர் எழுதினார் என்பதோடு நிற்காமல், அவர் சொன்னது மாணவர் காதில் விழுந்தது என்பதற்கும் அது சாட்சி.

அந்த மாதிரியில் குறிப்புக்கென்று இரண்டு வரி சேர்த்தால் போதும். “நன்று”, “இன்னும் பயிற்சி தேவை” என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். நம் கேஸுக்கு இப்படி இருக்க வேண்டும்: “தடுத்தபோது முட்டித் தள்ளாமல் நிறுத்திக் கேட்டார். கவை வரை தள்ளுமுன் பலூனை ஊதப் போனார், நிறுத்தினேன். அடுத்த ஆண் நோயாளிக்கு இதை வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், நான் அருகில் இருப்பேன்.” எதைப் பார்த்தார், எங்கே பிசகியது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. அடுத்த பதிவில் “கவை வரை தள்ளி, பலூன் ஊதி, முன்தோலைத் தானாகவே பழையபடி இழுத்து விட்டார், எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை” என்று வந்தால், நிலை ஒரு படி ஏறியதற்குக் காரணம் யாருக்கும் விளங்கும்.

இதெல்லாம் அன்றைக்கே எழுதினால்தான். போஸ்டிங் முடியும் நாளில் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்படி நிரப்பிய நோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூன்று மாதப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு. குழந்தைகள் வார்டில் டியூட்டி இருந்த தேதியில் பிரசவம் பார்த்ததாக ஒரு வரி. எல்லா வேலையும் விதித்த எண்ணிக்கையில் கச்சிதமாக நிற்கும், ஒன்றுகூடத் தோல்வியில்லை. டியூப் ஏறாமல் சீனியரைக் கூப்பிட்ட பதிவு ஓராண்டில் ஒன்றாவது இருந்தால்தான் அந்த நோட்டை நம்பலாம்.

தோல்வியை எழுத மாணவர் தயங்குவதற்குக் காரணம், பயிற்சி முடித்த சான்றிதழும் அதே நோட்டை வைத்து வருவதுதான். அதனால் தோல்விப் பதிவுக்காக யாரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே துறைத்தலைவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூடவே இன்னொரு மாற்றமும் தேவை. நடு இரவில் பக்கத்தில் நின்றவர் பி.ஜி.; கையெழுத்துப் போடுபவர் மறுநாள் வரும் உதவிப் பேராசிரியர். பார்த்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று இரண்டு கட்டங்கள் வைத்து, குறிப்பைப் பார்த்தவரே கேஸ் முடிந்து கை கழுவியதும் எழுதிவிட வேண்டும். உதவிப் பேராசிரியர் காலை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால் போதுமானது.