டி-டைமர்: ‘கட்டி இல்லை’ என்று சொல்வதற்கான பரிசோதனை

கொரோனா இரண்டாம் அலையின்போது ‘டி-டைமர்’ என்ற பெயர் வீடு வீடாகப் புகுந்தது. அதன்பின் அது வெளியேறவே இல்லை. காய்ச்சலுக்குப் போனவர், மூட்டு வலிக்குப் போனவர், முழு உடல் பரிசோதனைத் தொகுப்புக்குப் பணம் கட்டியவர் என்று பலருடைய ரிப்போர்ட்டிலும் இந்த வரி இருக்கிறது. பக்கத்தில் 500-க்கு மேல் ஓர் எண் தடித்த எழுத்தில் நிற்கும். ‘ரத்தம் உறைகிறதாம், எந்நேரமும் மாரடைப்பு வரலாம்’ என்ற பயம் குடும்பம் முழுக்கப் பரவும். அந்த எண் அப்படி எதையும் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் எப்போதும் கரைந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்காவது ரத்தக்குழாய் கிழிந்தால், த்ராம்பின் என்ற நொதி அதை ஃபைப்ரினாக மாற்றுகிறது. ஃபைப்ரின் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகின்றன. இந்த வலை முதலில் தளர்வாகத்தான் இருக்கும். பதின்மூன்றாம் உறைவுக் காரணி வந்து, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளின் ‘டி’ எனப்படும் நுனிகளை அழுத்தமாகப் பிணைத்த பிறகே கட்டி உறுதிப்படும். காயம் ஆறியதும் அந்தக் கட்டி உடலுக்குத் தேவையில்லை. பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி வலையை வெட்டிக் கரைக்கிறது. ஆனால் பதின்மூன்றாம் காரணி போட்ட பிணைப்பைப் பிளாஸ்மினால் அறுக்க முடியாது. இரண்டு ‘டி’ நுனிகள் ஒட்டியபடியே ரத்தத்தில் மிதந்து வருகின்றன. அந்த ஜோடித் துண்டுதான் டி-டைமர்.

இடித்த கட்டடத்தின் குப்பையில் சிமென்ட்டோடு ஒட்டிக்கிடக்கும் இரண்டு செங்கல்லைப் பார்த்தால், இங்கே ஒரு சுவர் எழும்பியிருந்தது, பிறகு இடிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். லாரியில் வந்திறங்கிய புதுச் செங்கல்லில் அந்தச் சிமென்ட் இருக்காது. டி-டைமரும் அப்படித்தான். உடலில் எங்கோ ஃபைப்ரின் வலை பின்னப்பட்டது, அது கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அந்தச் சுவர் எந்தத் தெருவில் இருந்தது, யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று அந்தச் செங்கல் சொல்லாது.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஃபைப்ரின் உண்டாவது ரத்தக்குழாயை அடைக்கும் ஆபத்தான கட்டியில் மட்டும் அல்ல. நிமோனியா வந்தால் நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே ஃபைப்ரின் படிகிறது. கிருமி உடலுக்குள் நுழைந்ததும் வெள்ளை அணுக்களில் சில, உறைதலைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதத்தைத் தம் மேற்பரப்பில் வெளிக்காட்டுகின்றன. தொற்றுக்கு எதிரான போரும் ரத்தம் உறைதலும் உடலில் இணைந்தே நடப்பவை. அறுவை சிகிச்சைக்குப் பின், எலும்பு முறிவுக்குப் பின் காயம் ஆறும் இடமெல்லாம் ஃபைப்ரின்தான். பல புற்றுநோய்கள் உறைதலைத் தூண்டுகின்றன. ஈரலும் சிறுநீரகமும் பழுதானவர்களுக்கும் அளவு கூடுதலாகவே இருக்கும். கர்ப்பத்தில் மாதத்துக்கு மாதம் ஏறி, கடைசி மூன்று மாதங்களில் பெரும்பாலான தாய்மார்களுக்கு 500-ஐத் தாண்டிவிடுகிறது. அது நோயில்லை, பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தாங்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. கண்ணாடி விரியன் கடித்தவருக்கோ அளவு மிகப் பெரிதாக உயரும். விஷம் உறைவுக் காரணிகளை நேரடியாகத் தூண்டி, ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜன் முழுவதையும் செலவழிக்க வைப்பதே காரணம்.

எந்த நோயும் இல்லாமல் வயது மட்டும் கூடினாலும் இந்த எண் கூடுகிறது. எழுபது, எண்பது வயதில் 500-க்கு மேல் இருப்பது சாதாரணம். எனவே ‘டி-டைமர் அதிகம்’ என்பதை ஒரு நோயின் பெயராக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் இந்தப் பரிசோதனையால் என்ன பயன்? அதன் பயன் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. காலின் ஆழ்சிரையிலோ நுரையீரல் தமனியிலோ புதிதாகக் கட்டி இருந்தால், உடல் அதை உடனே கரைக்கத் தொடங்கியிருக்கும். டி-டைமர் ஏறக்குறைய கட்டாயமாக உயர்ந்திருக்கும். உயரவில்லை என்றால் கட்டி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘இருக்கிறது’ என்று நிறுவ இது உதவாது. ‘இல்லை’ என்று ஒதுக்க உதவும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவர் நோயாளியைப் பார்த்து, கட்டி இருக்கும் சாத்தியம் எவ்வளவு என்று எடைபோட்டிருக்க வேண்டும்.

அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு வாரமாகச் சளி, இருமல். இரண்டு நாளாக மூச்சை இழுத்தால் வலப்பக்க மார்பில் குத்துகிறது. மருத்துவருக்கு நுரையீரல் கட்டியின் நினைவு வருகிறது. அவர் ‘வெல்ஸ்’ மதிப்பெண் முறைப்படி கேள்விகளைக் கேட்கிறார். காலில் ஆழ்சிரைக் கட்டிக்கான அறிகுறி இருந்தால் 3. வேறெந்த நோயையும்விட நுரையீரல் கட்டிதான் பொருந்துகிறது என்றால் 3. நாடித்துடிப்பு 100-க்கு மேல் இருந்தால் ஒன்றரை. நான்கு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை அல்லது மூன்று நாளாவது படுத்த படுக்கை என்றால் ஒன்றரை. முன்பு கட்டி வந்திருந்தால் ஒன்றரை. இருமலில் ரத்தம் வந்தால் 1. புற்றுநோய்க்கு 1. மொத்தம் 4-க்குள் இருந்தால் ‘சாத்தியம் குறைவு’.

இவருக்குக் கால் வீக்கம் இல்லை. நாடி 92. அறுவை சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. சளியோடு வந்த நுரையீரல் உறை அழற்சிதான் அதிகம் பொருந்துகிறது. மதிப்பெண் பூஜ்யம். இப்போது டி-டைமர் எடுக்கிறார்கள். 610 நானோகிராம். ஆய்வகக் கணினி ‘அதிகம்’ என்று அச்சிட்டுத் தருகிறது. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதை 2014-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று சோதித்து உறுதிப்படுத்தியது. இவருக்கு வரம்பு 680. வந்திருப்பது 610. கட்டி இல்லை என்று ஒதுக்கிவிடலாம். சிடி ஸ்கேன் வேண்டாம். அதன் கதிர்வீச்சும், சிறுநீரகத்துக்குச் சுமையாகக்கூடிய சாய ஊசியும், செலவும் மிச்சம். பழைய 500 வரம்பையே பிடித்துக்கொண்டிருந்தால் இவர் ஸ்கேனுக்குப் போயிருப்பார்.

இதே பெண்மணிக்கு மூன்று வாரம் முன்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, நாடி 112 என்று வைத்துக்கொள்வோம். கட்டிதான் என்ற சந்தேகமும் சேர்ந்தால் மதிப்பெண் 9. இங்கே டி-டைமர் எடுப்பதே வீண். அறுவை சிகிச்சை நடந்ததால் அது எப்படியும் உயர்ந்திருக்கும். தப்பித்தவறி 450 என்று வந்தாலும் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நேராக ஸ்கேன்தான்.

ஏன் நம்பக் கூடாது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டி உள்ளவர்களில் நூற்றில் 95 பேரைப் பரிசோதனை கண்டுபிடிக்கிறது, கட்டி இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு மட்டுமே இயல்பான அளவைக் காட்டுகிறது என்று கொள்வோம். சாத்தியம் குறைவான ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் கட்டி இருந்தால், ஐந்து பேர் தவறிப்போவார்கள். கட்டி இல்லாத 900 பேரில் 450 பேருக்கு இயல்பாக வரும். ஆக, ‘இயல்பு’ என்று அனுப்பப்படும் 455 பேரில் ஐந்து பேருக்குத்தான் கட்டி. சுமார் நூற்றுக்கு ஒருவர். சாத்தியம் அதிகமான ஆயிரம் பேரில் 400 பேருக்குக் கட்டி இருந்தால், இருபது பேர் தவறிப்போவார்கள். கட்டி இல்லாத 600 பேரில் 300 பேருக்கு இயல்பாக வரும். இப்போது 320 பேரில் இருபது பேர். நூற்றுக்கு ஆறு பேருக்கும் மேல்! பரிசோதனை அதேதான், எண்ணும் அதேதான். நோயாளி யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. மருத்துவர் பார்க்காமல் எடுக்கும் டி-டைமருக்குப் பொருள் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

இயல்பான எண்ணும் ஏமாற்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஹெப்பாரின் ஊசியோ ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையோ தொடங்கிய பிறகு எடுத்தால் அளவு இறங்கியிருக்கும். அறிகுறி தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டாலும் அப்படியே. கெண்டைக்கால் சிரையில் உள்ள மிகச் சிறு கட்டி அளவை உயர்த்தாமலும் போகலாம்.

இன்னொரு பொறி அலகில் இருக்கிறது. இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். சில ஆய்வகங்கள் ஃபைப்ரினோஜன் சமானமாக, எஃப்இயு என்ற அலகில் தருகின்றன. வேறு சில டி-டைமரின் சொந்த எடையாக, டிடியு என்ற அலகில் தருகின்றன. முதலாவது ஏறக்குறைய இரண்டாவதின் இரு மடங்கு. 500 எஃப்இயு என்பதும் 250 டிடியு என்பதும் ஒன்றே. போதாக்குறைக்கு நானோகிராமில் 500 என்பதை மைக்ரோகிராமில் 0.5 என்று அச்சிடுவார்கள். நம் பெண்மணிக்கு வேறோர் ஆய்வகம் 450 டிடியு என்று கொடுத்திருந்தால் என்ன ஆகும்? அலகைப் பார்க்காதவர் 680-ஐவிடக் குறைவு என்று அனுப்பிவிடுவார். உண்மையில் அது 900 எஃப்இயு-வுக்குச் சமம். ஸ்கேனுக்குப் போயிருக்க வேண்டியவர் வீட்டுக்குப் போய்விடுவார். டிடியு அலகில் வயதை ஐந்தால்தான் பெருக்க வேண்டும். அவருக்கு வரம்பு 340.

கொரோனாவுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வூஹான் மருத்துவர்கள், மருத்துவமனையில் சேரும்போதே டி-டைமர் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த நோயாளிகளிடையே இறப்பு அதிகம் என்று எழுதினார்கள். அங்கே அந்த எண், படுக்கையில் இருக்கும் நோயாளியின் அழற்சி எவ்வளவு கடுமை என்று காட்டியது. வீட்டில் நலமாக இருப்பவர் ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பதற்கு அது அடிப்படை ஆகாது. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கான பரிசோதனைத் தொகுப்பில் டி-டைமருக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது பயத்தையும், அந்தப் பயம் கேட்கும் ஸ்கேனையும், சில வேளை தேவையில்லாமல் தொடங்கி ரத்தக்கசிவில் முடியும் மாத்திரையையும்தான் கொண்டுவருகிறது.

ஆகவே, ரிப்போர்ட்டில் எண் கூடுதலாக இருந்தால் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். எதற்காக எடுத்தது, எந்த அலகு, உங்கள் வயதுக்கு வரம்பு என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஆய்வகத்துக்குப் போய் டி-டைமர் எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.