மூடிய சட்டியில் மொறுமொறுப்பான பாண்

வீட்டுப் போறணையிற் சுட்ட பாணின் மேற்றோல் சில வேளைகளில் வெளிறி, தடித்து, கடிக்கும்போது இழுபடுவதேன்? பெரும்பாலும் ஆவிக் குறைவே இதற்குக் காரணமாகும். பாண் பேக்கரியில் போறணை நிறைய மாவுருண்டைகளை அடுக்கிக் கதவை அடைத்துவிடுகின்றனர். அவற்றினின்றெழும் நீராவி வெளியேறாது உள்ளே தங்குகின்றது. வீட்டிலோ சுடுவது ஒரேயொரு பாண். அதனின்றெழும் சிறிதளவு ஆவியும் இடுக்குகளின் வழியே போய்விடுகின்றது.

பாரமான மூடியுடைய வார்ப்பிரும்புச் சட்டி இக்குறையைத் தீர்க்கும். நியூயோர்க் நகரில் பாண் தயாரிக்கும் ஜிம் லேஹி கையாண்ட இம்முறை, 2006ஆம் ஆண்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை வாயிலாகப் பல நாடுகளுக்கும் பரவியது.

கோதுமை மா 400 கிராம், உப்பு 8 கிராம், உலர்ந்த ஈஸ்ற் கால் தேக்கரண்டி, தண்ணீர் 300 கிராம் ஆகியவற்றை ஒன்றாகக் கிளறி மூடிவைப்போம். பிசைதல் வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் இது பொங்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நம் நாட்டு வெப்பத்திலோ எட்டு மணி நேரத்திலேயே கவனித்தல் நன்று. மா இருமடங்காகி, மேலே குமிழிகள் தோன்றினாற் போதும். மாத்தூவிய பலகையில் அதனை மடித்து உருட்டி, துணியால் மூடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் விடுவோம்.

இவ்வேளையில் வெறுஞ் சட்டியை மூடியுடன் போறணையில் வைத்து, 230 பாகை செல்சியசில் அரை மணி நேரம் காய்ச்சல் வேண்டும். தடித்த இரும்பு மெதுவாகவே சூடேறும். குறையச் சூடேறிய சட்டியில் இட்ட மா அடியில் ஒட்டிக்கொள்ளும்; நன்கு எழும்பவும் மாட்டாது. சட்டி மூடியின் பிடி பிளாஸ்ரிக்கினாலானதாயின், அத்தகைய சூட்டைத் தாங்குமா என முன்னரே அறிந்துகொள்க.

மாவைச் சட்டியிலிட்டு உடனே மூடி, முப்பது நிமிடம் திறவாதிருத்தல் வேண்டும். அடைபட்ட ஆவி மேற்பரப்பை ஈரமாக வைத்திருப்பதால் மா தடையின்றி விரிகின்றது. மேலுள்ள மாச்சத்தும் கூழாகி மினுங்குகின்றது. பின்னர் மூடியை அகற்றினால், அப்படலம் உலர்ந்து, பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் செம்பழுப்பாகி மொறுமொறுக்கும்.

பாண் குறுகிப் பக்கத்தில் வெடித்து மங்கியிருப்பின், மூடியை வேளைக்கே திறந்துவிட்டோமென அறியலாம். நன்கு எழும்பியும் தோல் மென்மையாயிருப்பின், திறந்தபின் சுட்ட நேரம் போதாது. வெந்த பாணின் அடியைத் தட்டினால் வெற்றுக்குடம்போல் ஒலிக்கும்.

கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டே வெட்டுதல் வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு ஏறுவதால், மாலையில் அது மீண்டும் மென்மையாகலாம். அப்பொழுது சூடான போறணையில் பத்து நிமிடம் வைத்தெடுத்தால், மொறுமொறுப்பு மீளும்.