அந்த ஒரு வருஷம் என்ன செய்தீர்கள்?

சொந்தத் தொழில் தொடங்கி, ஒரு வருஷத்தில் மூடிவிட்டு, மறுபடி வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அனுப்பும் மெயில்களில் பெரும்பாலும் இரண்டே ரகம்தான். ஒன்று, அந்த வருஷத்தைப் பற்றி மூச்சே விடாது. இன்னொன்று, முதலீட்டாளர் கைவிட்டது, கூட்டாளி விலகியது என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பும். ரெஸ்யூமேயைப் புரட்டும் ஹெச்.ஆருக்கு இரண்டுமே பயன்படாது. அவருடைய சந்தேகங்கள் வேறு: இவர் கணக்குத் தெரிந்தவரா? இன்னொருவருக்குக் கீழே வேலை பார்ப்பாரா? ஆறு மாதத்தில் மறுபடி கடை போடக் கிளம்பிவிடுவாரா?

கோயம்புத்தூரில் வீட்டுக்கு வீடு இட்லி மாவு கொடுத்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கிலோ மாவு 60 ரூபாய். அரைக்கவும் பேக் செய்யவும் 38 ரூபாய், டெலிவரிக்கு 26 ரூபாய். ஆக, விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 4 ரூபாய் கைநஷ்டம். ஆர்டர் ஏற ஏற நஷ்டமும் ஏறியது. இதைக் கண்டுபிடித்ததும் தனி வீடுகளை விட்டுவிட்டு, அபார்ட்மென்ட்களுக்கு மட்டும் காலையில் ஒரே நடையில் கொடுத்தார். டெலிவரிச் செலவு 14 ரூபாயாக இறங்கி, கிலோவுக்கு 8 ரூபாய் மிஞ்சியது. ஆனால் ஷெட் வாடகையும் கரண்ட் பில்லுமாக மாதம் 22,000 ரூபாய். அதை ஈடுகட்ட 2,750 கிலோ விற்க வேண்டும், விற்றதோ 1,600. மூடினார்.

இப்போது அவர் ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். மெயிலில் இவ்வளவு போதும்:

"கடந்த ஒரு வருஷம் சொந்தமாக மாவு விநியோகத் தொழில் நடத்தினேன். டெலிவரி ரூட்டை மாற்றி, கிலோவுக்கு 26 ரூபாயாக இருந்த செலவை 14 ஆகக் குறைத்தேன். மாதச் செலவுக்குத் தேவையான விற்பனை வராததால் தொழிலை மூடிவிட்டேன். சப்ளையர் பாக்கி எதுவும் இல்லை. ரூட் வாரியாகச் செலவுக் கணக்கை முதல் மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்டது. உங்கள் ரூட் பிளானிங் வேலைக்கு அந்த அனுபவம் நேரடியாக உதவும்."

'விடாமுயற்சி கற்றேன், தலைமைப் பண்பு கற்றேன்' என்றெல்லாம் எழுதுவதில் பிரயோஜனமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். 26-ஐ 14 ஆக்கியதை மற்றவர் எழுத முடியாது. அதே சமயம், நேர்காணலில் 'எப்படிக் குறைத்தீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்கள். நோட்டுப் புத்தகமோ எக்செல் ஷீட்டோ கைவசம் இல்லாத எண்ணை எழுதவே கூடாது. கூட்டாளி செய்ததை 'நான்' என்று எழுதினாலும் அங்கே குட்டு உடைந்துவிடும்.

பதவிப் பெயரிலும் அடக்கம் வேண்டும். மூன்று பேர் இருந்த இடத்தில் 'சி.இ.ஓ.' என்று போடுவது எடுபடாது. 'நிறுவனர், விநியோகப் பொறுப்பு' என்றால் என்ன வேலை பார்த்தார் என்பது தெரியும்.

கடைசியாக ஒன்று. தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், ஷட்டரை இறக்கியதோடு அது மூடப்பட்டதாகாது. கம்பெனிப் பதிவாளரிடம் எஸ்.டி.கே.-2 படிவம் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். அதுவரை நீங்கள் இயக்குநர் என்றே பதிவேடு காட்டும். பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளியே வரும். நீக்கம் முடியவில்லை என்றால், அதை மெயிலிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.