பதிவேடும் மலையகமும் – 9: அடையாள அட்டைக்குள் ஓர் ஐந்நூறு

இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு, பெயரையும் படத்தையும் பார்க்காமலே அட்டைக்குரியவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். 1994 பெப்ரவரி 10ஆம் திகதி ராகலைத் தோட்டமொன்றில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெப்ரவரி 10 அந்த வருடத்தின் 41ஆவது நாள். ஆண் என்று பதிந்திருந்தால் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் 041. பெண் என்று பதிந்திருந்தால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டி 541 என்று எழுதுவார்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையில் 94041 என்று தொடங்கியவர், 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் 1994041 என்று தொடங்குவார். ஆண் என்று பதியப்பட்ட இவர் பெண்ணாக வாழ்கிறவர், சட்டப்படியும் பெண்ணாக ஏற்கப்படுகிறார் என்றால், பெயரையும் படத்தையும் மாற்றினால் மட்டும் போதாது. இலக்கமே 1994541 என்று மாறியாக வேண்டும். சம்பளம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, கைபேசி இணைப்பு எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பது அந்த இலக்கத்தில்தான். பெயரும் பாலும் மாறிய திருநர் ஒருவரின் அலைச்சல் பெரும்பாலும் இந்த ஐந்நூறிலிருந்து கிளைப்பதுதான்.

வழி இல்லாமல் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பதிவாளர் நாயகம் திணைக்களமும் அதே ஆண்டில் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய நடைமுறை. முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி மனநல விசேட வைத்திய நிபுணர் ஒருவரிடம் கிளினிக் போக வேண்டும். அவர் திருப்தியடைந்தால் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழில் ஒப்பமிடுவார். அந்தச் சான்றிதழோடு, பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதிக்கு விண்ணப்பித்தால், பிறப்புப் பதிவிலுள்ள பாலும் பெயரும் திருத்தப்படும். திருத்திய பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஆட்பதிவுத் திணைக்களத்தில் புதிய அடையாள அட்டை; அதைக் காட்டிக் கடவுச்சீட்டு; பிறகு வங்கி, தொழில் திணைக்களம், பாடசாலை என்று ஒவ்வொன்றாக. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான படிக்கட்டுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் அரசாங்கம் தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மறுபடியும் அந்த மனிதரையே நிரூபிக்கச் சொல்கிறது. தீர்மானம் ஒரு தடவை எடுக்கப்பட வேண்டும், அதன் பிறகு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அலுவலகங்களின் வேலையாக வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

மலையகத்தில் முதற்படிக்கு முன்னாலேயே இன்னொரு படி இருக்கிறது. சுற்றறிக்கை ஏற்கெனவே உள்ள பதிவைத் திருத்தத்தான் வழி காட்டுகிறது. பதிவே இல்லாதவருக்கு, அல்லது பதிவில் ஒரு பெயரும் அட்டையில் இன்னொரு பெயருமாக இருப்பவருக்கு, அது நேராகப் பொருந்தாது. தோட்டத்துப் பிறப்புகள் எப்படிப் பதியப்பட்டன என்பதைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். அப்பன் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போய் வந்த தமிழ்ப் பெயர் உருக்குலைந்தது. சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழ்தான். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் அந்தக் கணக்கு முழுதாகத் தீராமல் கிடந்த சமூகம் இது. ஆகவே இங்குள்ள திருநர் ஒருவர் முதலில் காலங்கடந்த பதிவையோ பழைய எழுத்துப் பிழையையோ சரிசெய்து, தன்னுடையதல்ல என்று அவர் கருதும் பெயரைத் துல்லியமாக நிலைநாட்டியாக வேண்டும். பிறகுதான் அதை மாற்றக் கேட்கலாம். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் முடிக்க முடியுமா என்று பதிவாளர் பகுதியில் ஆரம்பத்திலேயே கேட்டுத் தெளிவது நல்லது. கேட்காமல் போனால் ஒரு திருத்தம் முடிந்து வந்த பிறகு அடுத்ததற்காக மறுபடி வரிசையில் நிற்க நேரும்.

அடுத்தது அத்தாட்சிப்படுத்தும் கையொப்பம். அடையாள அட்டை விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்த வேண்டும், தோட்டங்களில் தோட்ட அதிகாரியும் அதைச் செய்யலாம். நகரத்தில் இது ஒரு றப்பர் முத்திரை. தோட்டத்தில் அப்படியல்ல. துரையின் ஒப்பத்துக்கு வரும் படிவம் ஆபீஸ் கிளாக்கரின் மேசையைத் தாண்டித்தான் வருகிறது, அந்தக் கிளாக்கரின் பேச்சு மறுநாள் பிரட்டுக்களத்தில் கேட்கும். லயத்தில் சுவர் பொதுச்சுவர். அங்கே ஒருவரின் படிவம் அவருடைய இரகசியமாக இருக்காது. குடும்பத்துக்குத் தான் யாரென்று எப்போது, எப்படிச் சொல்வது என்பது அவரவர் முடிவு. இங்கே அந்த முடிவை ஒரு விண்ணப்பப் படிவம் எடுத்துவிடுகிறது. கிளினிக்குக்காகவும் கந்தோருக்காகவும் வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் நாட்சம்பளத்தில் விழுகிற துண்டு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அட்டை கைக்கு வந்த பிறகும் சேமலாப நிதி நிற்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்காக நூற்றுக்கு 12 என்று மாதாமாதம் சேரும் பணம் அது. பழைய இலக்கத்தில் பத்து வருடப் பணமும் புதிய இலக்கத்தில் இரண்டு வருடப் பணமும் கிடந்தால், ஓய்வு பெறும் நாளில் கையில் இருக்கும் அட்டைக்கும் கணக்கிலுள்ள ஆளுக்கும் பொருத்தம் இராது. இந்தக் கோளாறு அன்றாடம் கண்ணில் படாது, பணத்தைக் கேட்கும்போதுதான் வெளிப்படும். புதிய அட்டை வந்த மாதமே தோட்ட அலுவலகத்தின் சம்பளப் பதிவிலும் தொழில் திணைக்களத்திலும் எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கான பிரதியை வைத்துக்கொள்வதும், அடுத்த கணக்குக் கூற்றில் எந்த இலக்கம் வருகிறதென்று பார்ப்பதும் அவசியம். பழைய அட்டையின் பிரதியையும் அங்கீகாரச் சான்றிதழின் மூலப்பிரதியையும் ஒருபோதும் கைவிடக் கூடாது. எங்கும் சமர்ப்பிக்க வேண்டியது உறுதிப்படுத்திய பிரதி மட்டுமே.

ஒப்பாத அட்டையோடு வாழ்வது வெறும் சிரமமல்ல, ஆபத்து. 2016 ஓகஸ்டில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இலங்கையின் திருநர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைக் குற்றமாக்குகிறது. தோற்றம் ஒன்று, அட்டை இன்னொன்று என்ற காரணத்துக்காக அந்தப் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் திருநர்கள் மீது பாய்ந்திருக்கின்றன. வீதித் தடையில் நிறுத்தப்படும் பஸ்ஸில் அட்டையை நீட்டுவது மற்றவர்களுக்கு ஒரு நொடி வேலை. இவர்களுக்கு அது ஒரு விசாரணையின் தொடக்கமாகிவிடலாம்.

இலக்கத்தை இலேசாக மாற்றவிட்டால் கடன்காரனும் குற்றவாளியும் அதில் ஒளிந்துகொள்வார்கள் என்று ஒரு மறுப்பு எழும். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கான பதிலை அரசாங்கமே கொடுத்துவிட்டது. ஒன்பது இலக்கத்திலிருந்து பன்னிரண்டுக்கு நாடே மாறியபோது, இலட்சக்கணக்கானோரின் இலக்கம் மாறியது. யாருடைய கடனும் அழியவில்லை. பழையதையும் புதியதையும் இணைத்துப் பார்க்க விதி இருந்தது, வங்கிகளும் ஏற்றுக்கொண்டன. 1994041க்குப் பதில் 1994541 என்று வரும்போதும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் கோப்பில் இரண்டும் ஒரே ஆளுக்குரியவை என்ற குறிப்பு இருக்கத்தான் போகிறது. ஒளிந்துகொள்ள நினைப்பவன், மனநல நிபுணர், பதிவாளர், ஆட்பதிவுத் திணைக்களம் என்று மூன்று இடத்தில் தன் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போகமாட்டான்.

வைத்தியரின் ஒப்பமே தேவையில்லை என்றாக்கினால் அவசரமாக முடிவெடுத்துப் பின்னால் வருந்துவோர் கூடிவிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இதைக் கரிசனத்தோடு சொல்பவர்கள் உண்டு. ஆனால் சிகிச்சைக்கான முடிவும் பதிவேட்டுக்கான முடிவும் வேறு. ஹோமோன் எடுக்கலாமா, சத்திர சிகிச்சை வேண்டுமா என்பதில் வைத்தியரின் அறிவு இன்றியமையாதது. அட்டையில் என்ன பெயர் என்பதில் அவருக்கு என்ன விசேட அறிவு? உலக சுகாதார நிறுவனமே 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், திருநர் நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆர்ஜென்டினா 2012இலும் அயர்லாந்து 2015இலும் வளர்ந்தவர்களுக்கு வைத்தியச் சான்றில்லாமல் சுயபிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. எங்கள் சான்றிதழ்ப் படிவத்தின் வாசகமோ ஹோமோன் சிகிச்சையையும் சத்திர சிகிச்சையையும் பேசுகிறது. எவ்வளவு சிகிச்சை போதும் என்பதை ஒவ்வொரு வைத்தியரும் தம் விருப்பப்படி விளங்கிக்கொள்ள அது இடம் விடுகிறது. மருந்தே வேண்டாம் என்றிருப்பவருக்கும், உடல்நிலை காரணமாக எடுக்க முடியாதவருக்கும் அந்தப் படிவத்தில் இடம் இறுக்கமானது. ஆண், பெண் இரண்டிலும் சேராதவருக்கு இடமே இல்லை.

மிகக் கனமான மறுப்பு திருநர் உரிமையின் ஆதரவாளர்களிடமிருந்தே வருகிறது: சுற்றறிக்கை எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டமாக்கப் போனால் உள்ளதும் போய்விடும். அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2024 ஜூனில் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அது அரசியலமைப்போடு முரண்படுகிறது, நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தச் சூழலில் பாராளுமன்றத்துக்குப் போவது சூதாட்டம்தான். ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குப் பாராளுமன்றம் தேவையில்லை. படிவத்தின் வாசகத்தை ஓர் அமைச்சுச் செயலாளரின் ஒப்பத்தால் திருத்தலாம். இந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் கிராம உத்தியோகத்தரையும் தோட்ட அதிகாரியையும் விலக்கி, பிரதேச செயலகமே நேரடியாக அத்தாட்சிப்படுத்தலாம். திருத்திய பதிவைப் பதிவாளர் பகுதியே ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பலாம். அத்திணைக்களம் புதிய இலக்கத்தைத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பலாம். அலுவலகத்துக்கு அலுவலகம் போகும் கடிதம் என்றால், வங்கிக் கவுண்டரிலும் தோட்ட ஆபீசிலும் தன் பழைய பெயரைத் தானே வாய்விட்டுச் சொல்லி விளக்கும் நிலை அவருக்கு வராது. பாடசாலைச் சான்றிதழ்களும் பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேறுகளும் தனிக் கதை. அவற்றை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.